கடன் வட்டி மெஷினுக்குள் போகுமா?

உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு கற்பிக்கும் நாம், ஒரு விடயத்தைப் பல வருடங்களாகப் பிழையான விதத்தில் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறோம். விடை பிழையில்லை, சொல்லிக் கொடுத்த விதம்தான் பிழை. அதன் விளைவு ஒரு நெல் ஆலையின் கணக்குப் புத்தகமாக நம் மேசைக்கே வந்து சேர்ந்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

நமது பழைய மாணவன் ஒருவன் ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுடைய வாப்பாவும் மாமாவும், அதாவது மச்சான்மார் இருவரும், சமபங்கில் நடத்திய ஆலை. 2024 மார்ச் 31ஆம் திகதியுடன் மாமா பங்குடைமையிலிருந்து விலகினார். புத்தகப் பெறுமதிப்படி கணக்கைத் தீர்ப்பது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். கணக்குத் தயாரித்துக் கொடுத்தவர் ஒரு தொகையைச் சொன்னார், மாமாவும் மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டார். மனம் கேட்காதவர் வாப்பாதான்.

"சேர், அந்த வருஷம் ஆலை நல்லா ஓடினது. ஆனா இலாபம் குறைவா வந்திருக்கு. மச்சானுக்குரிய காசு எங்கட பக்கம் தங்கிடுமோ எண்டு வாப்பாக்குப் பயம். ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

பார்த்தோம். சிக்கல் முழுவதும் அந்த வருடம் வாங்கிய ஒரே ஒரு மெஷினில் இருந்தது. அரிசியில் கறுப்பு மணி, கல், நிறம் மாறிய மணி ஆகியவற்றைக் கமராவால் பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சோட்டர். (ஆளை அடையாளம் தெரியாதிருக்க எண்களை முழுத்தொகைகளாக மாற்றியிருக்கிறோம். கணக்கின் போக்கு அப்படியேதான் இருக்கிறது.)

நடந்தது இதுதான். கழிவு போக மெஷினின் விலை 58 இலட்சம். அதில் 40 இலட்சத்தை வங்கி கடனாகத் தந்தது. வருடத்துக்கு 15 வீத வட்டி. கடன் 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி எடுக்கப்பட்டது. முதல் 6 மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், முதலை அதன் பிறகு கட்டலாம். மீதி 18 இலட்சம் ஆலையின் சொந்தக் காசு. மெஷின் வந்து, பொருத்தி, ஓட்டிப் பார்த்து, டிசம்பர் 1ஆம் திகதி வேலைக்குத் தயாரானது.

பொருத்துவதற்கு ஆன செலவுகள்:

– கொழும்பிலிருந்து லொறிக் கூலியும் கிரேன் கூலியும்: 120,000
– கொங்கிரீட் அத்திவாரமும் இரும்பு மேடையும்: 180,000
– மூன்று கட்ட மின் இணைப்பும் வயரிங்கும்: 150,000
– பொருத்திய தொழில்நுட்பவியலாளரின் கட்டணம்: 100,000
– பரீட்சார்த்தமாக ஓட்டிய மின்சாரமும் கூலியும்: 50,000

எல்லாம் சேர்த்து 6 இலட்சம்.

இவற்றைத் தவிர இன்னும் சில பற்றுச்சீட்டுகள் அதே பைலில் இருந்தன. மெஷின் ஓட்டும் பையனைப் பயிற்சிக்கு அனுப்பிய செலவு 60,000. இறக்கும்போது கவனயீனத்தால் உடைந்த ஒரு பாகத்தை மாற்றியது 40,000. திறப்பு நாளில் சாப்பாடும் பெனரும் 90,000. வங்கியின் கடன் ஆவணக் கட்டணம் ஒன்று. மார்ச் 31 வரையான கடன் வட்டி, மாதம் 50,000 வீதம் 6 மாதத்துக்கு 3 இலட்சம்.

கணக்கு எழுதியவர் செய்தது என்ன? மெஷினின் விலை 58 இலட்சத்துடன் 3 இலட்சம் வட்டியையும் கூட்டி, இயந்திரக் கணக்கில் 61 இலட்சம் என்று எழுதினார். பொருத்திய செலவு 6 இலட்சத்தையும் தூக்கி "பழுதுபார்த்தலும் பராமரிப்பும்" என்ற செலவுக் கணக்கில் போட்டுவிட்டார். உள்ளே போக வேண்டியது வெளியே நின்றது. வெளியே நிற்க வேண்டியது உள்ளே போய்விட்டது.

அவரை மட்டும் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நாம் வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் "கூட்டுக", அந்தப் பக்கம் "கூட்டாதே" என்று பட்டியல் போடுகிறோம். பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். பட்டியலில் இல்லாத ஒரு பற்றுச்சீட்டு கையில் வந்தால் தடுமாறுகிறார்கள். பட்டியலை மறந்தவர் ஊகிக்கிறார். "கடன் எடுத்தது மெஷினுக்குத்தானே, அப்ப வட்டியும் மெஷினுக்குத்தான்" என்பது அப்படி வந்த ஊகம். கேட்க நியாயமாகவும் இருக்கிறது, அதனால்தான் இந்தப் பிழை சாகாமல் இருக்கிறது.

பட்டியலுக்குப் பதிலாக இரண்டு கேள்விகளைக் கொடுத்தால் போதும் என்பதே நமது நிலைப்பாடு.

முதலாவது கேள்வி: இந்தச் செலவு, மெஷினை இந்த இடத்துக்குக் கொண்டுவரவோ அல்லது அதை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவரவோ நேரடியாகத் தேவைப்பட்டதா?

இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 சொல்வது இதைத்தான். முகாமைத்துவம் கருதிய விதத்தில் இயங்கக்கூடிய இடத்துக்கும் நிலைக்கும் சொத்தைக் கொண்டுவர நேரடியாக ஏற்பட்ட செலவு, அதன் கிரயத்தின் பகுதி. கொழும்புக் களஞ்சியத்தில் கிடக்கும் கலர் சோட்டரால் ஆலைக்கு ஒரு பயனும் இல்லை. லொறியும் கிரேனும் இல்லாமல் அது வராது. அத்திவாரம் இல்லாமல் நிறுத்தினால் அதிர்வில் கமராவின் கணிப்புப் பிசகும். மூன்று கட்ட மின்சாரம் இல்லாமல் கம்பிரசர் ஓடாது. ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யாமல் நல்ல மணியையும் சேர்த்துத் தள்ளிவிடும். ஆகவே அந்த 6 இலட்சமும் மெஷினின் கிரயம். இந்த மெஷின் ஆலைக்கு 58 இலட்சம் இல்லை, 64 இலட்சம்.

வகுப்பில் இதைச் சொன்னதும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கை தூக்கும். "சேர், ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாமலும் மெஷின் ஓடாதே. அப்ப பயிற்சிச் செலவையும் கூட்ட வேண்டாமா?" நல்ல கேள்விதான். ஆனால் டிசம்பர் 1ஆம் திகதி மெஷின் தயார். தயாரில்லாதவன் பையன். அவன் படித்தது அவன் தலைக்குள் இருக்கிறது. நாளைக்கு அவன் வேறு ஆலைக்குப் போனால் அந்த 60,000 ரூபாயும் அவனோடு போய்விடும். ஆலையின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றைச் சொத்தாக எழுத முடியாது. பணியாளர் பயிற்சி கிரயத்தில் சேராது என்று நியமமும் வெளிப்படையாகவே சொல்கிறது.

உடைந்த பாகமும் அப்படித்தான். ஒழுங்காக இறக்கியிருந்தால் அந்தச் செலவு வந்திராது. கவனயீனத்தின் விலையை மெஷினின் பெறுமதி என்று எழுதினால், இரண்டு முறை உடைத்த மெஷின் உடைக்காத மெஷினை விடப் பெறுமதியானது என்று ஆகிவிடும். திறப்பு விழாச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இரண்டாவது கேள்விதான் வட்டிக்குரியது: கைக்காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் இந்தச் செலவு வந்திருக்குமா?

பக்கத்து ஊரில் இன்னொரு ஆலை இதே மெஷினை இதே விலைக்கு முழுக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்தியது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அது 64 இலட்சம். நமது ஆலை கடன் எடுத்ததால் அதே மெஷின் 67 இலட்சமாகிவிடுமா? மெஷினுக்கு யாருடைய காசு என்று தெரியாது. வங்கி தந்த 40 இலட்சம், மெஷின் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்பதற்கான பதில். 64 இலட்சம், மெஷினைத் தயார்படுத்த எவ்வளவு போனது என்பதற்கான பதில். இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஐந்தொகையில் முதலாவது பொறுப்புகள் பக்கம் இருக்கும், இரண்டாவது சொத்துகள் பக்கம் இருக்கும். வட்டி என்பது அந்தக் காசை வைத்திருக்கும் காலத்துக்கான செலவு. அது பொறுப்பின் நிழல், சொத்தின் பாகம் அல்ல. கடன் ஆவணக் கட்டணமும் கடனோடு ஒட்டியதுதான், மெஷினோடு ஒட்டியதல்ல.

"அப்படியானால் வட்டியைச் சொத்தில் சேர்க்கவே கூடாதா? நியமம் 23 என்று ஒன்று இருக்கிறதே" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறது. அது தகுதிபெறும் சொத்துகளுக்கு, அதாவது பயன்பாட்டுக்கோ விற்பனைக்கோ தயாராக இயல்பாகவே கணிசமான காலம் எடுக்கும் சொத்துகளுக்கு உரியது. வெற்று வளவில் புதிய ஆலைக் கட்டடத்தை ஒன்றரை வருடமாகக் கட்டினால், கட்டும் காலத்துக்குரிய வட்டி கட்டடத்தின் கிரயத்தில் சேரும். அங்கேயும் எல்லை இருக்கிறது. கட்டுவேலை நீண்ட காலம் நின்று கிடந்தால் அந்தக் காலத்து வட்டி சேராது. கட்டடம் தயாரான நாளுடன் வட்டியைச் சேர்ப்பதும் முடிந்துவிடும்.

தயாராக வாங்கி வந்து இரண்டு மாதத்தில் பொருத்திய கலர் சோட்டர் அந்த வகையில் அடங்காது. நியமம் கணிசமான காலம் என்றால் இத்தனை மாதம் என்று எண் போட்டுச் சொல்லவில்லைதான். ஆனால் கடையில் இருந்து வந்த மெஷினுக்கு மேடை கட்டுவதை யாரும் கணிசமான காலம் என்று வாதாட மாட்டார்கள். ஒரு பேச்சுக்கு அது தகுதிபெறும் சொத்து என்றே வைத்துக்கொண்டாலும், சேரக்கூடியது டிசம்பர் 1 வரையான இரண்டு மாத வட்டி ஒரு இலட்சம் மட்டும். கணக்கு எழுதியவர் சேர்த்த 3 இலட்சம் எந்த வழியிலும் நிற்காது. மெஷின் ஓடத் தொடங்கிய பின்னரான நான்கு மாத வட்டியையும் அவர் மெஷினுக்குள் போட்டிருந்தார். இன்னொன்று, சிறிய மற்றும் நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தைப் பின்பற்றுவோருக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கே கடன் வட்டி எல்லாம் செலவுதான்.

நமது பகுதியில் வட்டிக் கடனைத் தவிர்த்து முராபஹா முறையில் மெஷின் வாங்குவோரும் நிறையப் பேர். அதன் மார்க்க விளக்கம் உலமாக்களுக்குரியது, நாம் அதற்குள் போகவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் இலாபத்தையும் சேர்த்துத் தவணை முறையில் கொடுக்கும் மொத்தத் தொகையை அப்படியே மெஷினின் கிரயமாக எழுதிவிடுகிறார்கள். நியமம் 16இன்படி, வழமையான கடன் தவணையை விட நீண்ட காலத்தில் பணம் செலுத்தினால், கிரயம் என்பது அன்றைய காசு விலைதான். மேலதிகத் தொகை அந்தத் தவணைக் காலம் முழுவதும் நிதிச் செலவாகப் பரவும். அதே கைக்காசுக் கேள்விதான் இங்கும் வேலை செய்கிறது.

இனி ஆலையின் புத்தகத்தைத் திருத்துவோம்.

வங்கி விற்பனையாளருக்கு நேரடியாகப் பணம் அனுப்பிய நாளில்: இயந்திரக் கணக்கு வரவு 58 இலட்சம், வங்கிக் கடன் கணக்கு செலவு 40 இலட்சம், காசுக் கணக்கு செலவு 18 இலட்சம். பொருத்தும் செலவுகளைக் கொடுக்கக் கொடுக்க: இயந்திரக் கணக்கு வரவு 6 இலட்சம், காசுக் கணக்கு செலவு 6 இலட்சம். ஒவ்வொரு மாதமும் வட்டி கட்டும்போது: கடன் வட்டிக் கணக்கு வரவு 50,000, காசுக் கணக்கு செலவு 50,000. சலுகைக் காலம் முடிந்து தவணை தொடங்கியதும் கவனம் தேவை. தவணையில் முதலுக்குரிய பகுதி கடனைக் குறைக்கும், வட்டிக்குரிய பகுதி மட்டும் செலவாகும். முழுத் தவணையையும் செலவாக எழுதும் புத்தகங்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

பெறுமானத் தேய்வுக்கு வருவோம். ஆயுட்காலம் 10 வருடம், எஞ்சிய பெறுமதி 4 இலட்சம் என்று ஆலை மதிப்பிட்டிருந்தது. 64இல் 4 போனால் 60 இலட்சம், வருடத்துக்கு 6 இலட்சம். தேய்வு தொடங்குவது கடன் எடுத்த ஒக்டோபரில் அல்ல. பெரும்போக நெல் வந்து ஆலை மும்முரமாக ஓடிய மாதத்திலும் அல்ல. மெஷின் பயன்பாட்டுக்குத் தயாரான டிசம்பர் 1இல் தொடங்கும். மார்ச் 31 வரை நான்கு மாதத்துக்கு 2 இலட்சம்.

ஆகவே சரியான புத்தகத்தில் அந்த வருட இலாபத்திலிருந்து கழிய வேண்டியது வட்டி 3 இலட்சமும் தேய்வு 2 இலட்சமுமாக 5 இலட்சம். கணக்கு எழுதியவரின் புத்தகத்தில் கழிந்தது பராமரிப்பு என்ற பெயரில் 6 இலட்சமும், 61 இலட்சத்தின் மீது கணித்த தேய்வு 1 இலட்சத்து 90 ஆயிரமுமாக 7 இலட்சத்து 90 ஆயிரம். பயிற்சி, உடைந்த பாகம், விருந்து போன்றவை இரண்டு புத்தகத்திலும் செலவாகவே இருந்தன. வித்தியாசம் 2 இலட்சத்து 90 ஆயிரம். அந்த அளவுக்கு இலாபம் குறைத்துக் காட்டப்பட்டிருந்தது.

இந்த எண்ணைப் பார்த்ததும் ஒன்று விளங்கியது. இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுத்ததால் ஒன்று மற்றதை மறைத்திருந்தது. வட்டியை உள்ளே போட்டது இலாபத்தை 3 இலட்சத்தால் கூட்டியது. பொருத்திய செலவை வெளியே போட்டது 6 இலட்சத்தால் குறைத்தது. மேலோட்டமாகப் பார்த்தவருக்கு மெஷின் 61 இலட்சமா 64 இலட்சமா என்பது பெரிய வித்தியாசமாகத் தெரியாது.

"அடுத்தடுத்த வருடங்களில் தேய்வு குறைவாக வரும், எல்லாம் சரிப்பட்டுவிடும்" என்று சிலர் சொல்வார்கள். பத்து வருடத்துக்குத் தொழில் ஒரே கையில் இருந்தால் மொத்தத்தில் சரிப்படலாம். மாமாவுக்கு அடுத்த வருடம் இல்லை. அவர் மார்ச் 31இல் போய்விட்டார். அவருடைய வருடத்தில் அதிகமாகக் கழித்த செலவின் பயன், வரும் வருடங்களில் தனியே ஆலையை நடத்தும் வாப்பாவுக்கே இலாபமாக வரும். பாதிப் பங்கு என்றால் 1 இலட்சத்து 45 ஆயிரம் ரூபாய், யாரும் எடுக்காமலே ஒருவரிடமிருந்து மற்றவரிடம் போயிருக்கும். மூலதனமாக்கல் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதுதான்: எந்த வருடத்தின் செலவு, யாருடைய வருடத்தின் செலவு.

பழைய குறிப்புகளை வைத்திருப்போருக்கு ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். பரீட்சார்த்த ஓட்டத்தில் வந்த பொருளை விற்றால், அந்த வருமானத்தை இயந்திரத்தின் கிரயத்திலிருந்து கழிக்கும்படி முன்பு படிப்பித்தோம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அப்படிக் கழிப்பதில்லை. அந்த விற்பனையும் அந்தப் பொருளின் கிரயமும் இலாப நட்டத்துக்கே போகும். நமது குறிப்புப் புத்தகங்களில் அந்த வரியை வெட்டிவிடுவோம்.

சொந்தத் தொழில் வைத்திருப்போர் தங்கள் புத்தகத்தில் இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. மெஷின் வாங்கிய வருடத்தில் பழுதுபார்த்தல் செலவு திடீரென்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புது மெஷினுக்கு ஏன் அவ்வளவு பராமரிப்பு? அந்தக் கணக்கிலுள்ள பற்றுச்சீட்டுகளின் திகதி, மெஷின் வந்த நாளுக்கும் தயாரான நாளுக்கும் இடையில் விழுந்தால் ஒவ்வொன்றாக எடுத்து முதலாவது கேள்வியைக் கேளுங்கள். இயந்திரக் கணக்கின் தொகை கடன் தொகைக்கு அப்படியே சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உங்கள் கைக்காசு எங்கேயோ தொலைந்திருக்கிறது. பிறகு கடன் வட்டிக் கணக்கைத் திறவுங்கள். கடன் இருந்தும் அங்கே ஒன்றும் இல்லையென்றால், வட்டி மெஷினுக்குள் ஒளிந்திருக்கும்.

ஆசிரிய நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இந்தப் பாடத்துக்குப் போகும்போது "கூட்டுக, கூட்டாதே" பட்டியலை எழுத வேண்டாம். ஒரு பைல் நிறையப் பற்றுச்சீட்டுகளைக் கலந்து பிள்ளைகளின் மேசையில் போடுங்கள். திகதிகளோடு போடுங்கள். மெஷின் எந்த நாளில் தயாரானது என்பதை அவர்களே தேடட்டும்.

திருத்திய தாளை வாப்பாவிடம் கொடுத்தபோது அவர் கடைசி எண்ணை மட்டும் பார்த்தார். "அப்ப மச்சானுக்கு இன்னும் ஒண்டு நாப்பத்தஞ்சு குடுக்கணும், என்ன சேர்?" என்றார். ஆம் என்றோம். மகனிடம் செக் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார்.